இதய உறையில் காசநோய்: நீர் வற்றிய பிறகும் கிளினிக்கை விடக்கூடாதது ஏன்?

‘இதயத்தில தண்ணி கட்டினது. ஊசியால எடுத்தாச்சு. இப்ப சுகம்.’

திருகோணமலைப் பக்கத்தில் இந்த நோயைப் பற்றிப் பேசும்போது பெரும்பாலும் இந்த மூன்று வசனங்களோடு கதை முடிந்துவிடுகிறது. மூன்றிலும் பிழை உண்டு. தண்ணீர் கட்டியது இதயத்துக்குள் அல்ல, இதயத்தைச் சுற்றியிருக்கும் உறைக்குள். ஊசியால் எடுத்தது நோயின் விளைவை மட்டும்தான். நோய் உள்ளேயே இருக்கிறது. மூன்றாவது பிழைதான் ஆபத்தானது. நீர் வற்றிய பிறகுதான் இந்த நோயின் இரண்டாவது கட்டம் சத்தமில்லாமல் தொடங்கக்கூடும். அந்தக் கட்டத்தில் வீங்குவது கால், புடைப்பது வயிறு. அதனால் நோயாளி சிறுநீரக நோய் என்றோ ஈரல் நோய் என்றோ எண்ணிக்கொண்டு வேறு வாசல்களைத் தட்டத் தொடங்குவார்.

நீர் ஏன் வருகிறது, மருந்து எதைச் செய்கிறது, எதைச் செய்யாது, உறை ஏன் இறுகுகிறது என்பதை அடிப்படையிலிருந்து பார்ப்போம்.

உறை என்பது என்ன?

இதயம் நெஞ்சுக்குள் வெறுமனே தொங்கிக்கொண்டிருக்கவில்லை. அதைச் சுற்றி இரண்டு படலங்களாலான ஒரு பை இருக்கிறது. உட்படலம் மெல்லியது; இதயத்தோடு ஒட்டியே இருக்கும். வெளிப்படலம் தடித்தது, சட்டென்று இழுபடாதது. இந்தப் பையைத்தான் இதய உறை என்கிறோம். இரண்டு படலங்களுக்கும் இடையே இயல்பாகவே 15 முதல் 50 மில்லிலீற்றர் வரை நீர் உண்டு. இதயம் நாளொன்றுக்கு ஏறத்தாழ ஒரு லட்சம் தடவை துடிக்கிறது. ஒவ்வொரு துடிப்பிலும் இரண்டு படலங்களும் ஒன்றின்மேல் ஒன்று உராயாமல் வழுக்குவதற்கு அந்தக் கொஞ்ச நீர் போதும்.

இந்த உறைக்குள் காசநோய்க் கிருமி புகுந்து அழற்சி உண்டாக்குவதுதான் காசநோய் இதய உறை அழற்சி. பழைய ஆட்கள் சயரோகம் என்று சொல்லும் அதே நோய்தான், அதே கிருமிதான். இடம் மட்டும் வேறு.

கிருமி அங்கே எப்படிப் போகிறது?

காற்றோடு சுவாசப்பைக்குள் போகும் கிருமி, அங்கிருந்து நெஞ்சின் நடுவிலுள்ள நிணநீர்க் கணுக்களில் போய்த் தங்கும். இந்தக் கணுக்கள் இதய உறைக்குப் பக்கத்து வீடு மாதிரி. கணுவிலிருந்து உறைக்குக் கசிவதுதான் பொதுவான வழி. சிலருக்கு இரத்தத்தின் வழியாகவும், வேறு சிலருக்கு ஒட்டியிருக்கும் சுவாசப்பையிலிருந்தும் போகும்.

இங்கே ஒரு விடயத்தைக் கவனிக்க வேண்டும். உறைக்குள் போகும் கிருமிகளின் எண்ணிக்கை பெரும்பாலும் குறைவு. நீரைச் சுரக்க வைப்பது கிருமியின் தொகை அல்ல, கிருமியின் புரதங்களைக் கண்டு உடலின் நோயெதிர்ப்புச் சக்தி காட்டும் கடுமையான எதிர்வினை. வீட்டுக்குள் ஒரு பாம்பு வந்ததற்கு ஊரே திரண்டு வந்து முற்றத்தை மிதித்துச் சேறாக்குவது போல. இதனால்தான் நீரை எடுத்து நுணுக்குக்காட்டியில் பார்த்தால் பல வேளைகளில் கிருமி தென்படுவதில்லை. ‘கிருமி இல்லை என்று ரிப்போட் வந்தது, பிறகு ஏன் ரீபி மருந்து?’ என்ற கேள்விக்கு விடை இதுதான்.

உறையில் மட்டும் நோய் உள்ளவர் மற்றவருக்குத் தொற்றைக் கொடுப்பதில்லை. தட்டு, கோப்பையைப் பிரித்து வைக்கத் தேவையில்லை. ஆனால் அவருடைய சுவாசப்பையிலும் நோய் இருக்கிறதா என்பதை எக்ஸ்ரேயும் சளிப் பரிசோதனையும் செய்துதான் சொல்ல முடியும்.

எவ்வளவு நீர் என்பதைவிட எவ்வளவு வேகமாக

உறைக்குள் இயல்புக்கு மேல் நீர் சேர்வதை உறைநீர்த் தேக்கம் என்போம். ஒருவருக்கு ஒரு லீற்றருக்கு மேல் நீர் இருந்தும் நடந்து வருவார். இன்னொருவருக்கு 200 மில்லிலீற்றரிலேயே உயிர் ஊசலாடும். காரணம் வேகம். கர்ப்பிணியின் வயிற்றுத் தோல் பத்து மாதத்தில் அந்த அளவு விரிகிறது. அதே விரிவை ஒரு நாளில் கேட்டால் தோல் தாங்குமா? உறையின் தடித்த வெளிப்படலமும் அப்படித்தான். வாரக்கணக்கில் சேரும் நீருக்கு அது இடம் கொடுக்கும். காசநோயில் நீர் பெரும்பாலும் மெதுவாகத்தான் சேர்கிறது. ஆகவே நோயாளி கண்டுபிடிக்கப்படும்போது நீரின் அளவு பெரிதாக இருக்கும்.

ஆனால் விரிவதற்கும் எல்லை உண்டு. அந்த எல்லையைத் தாண்டியதும் நீர் இதயத்தையே அமுக்கத் தொடங்கும். இதை இதய அமுக்கம் என்கிறோம். இதில் நடப்பதைக் கிணற்று வாளியை வைத்து விளங்கிக்கொள்ளலாம். இதயம் ஒரு வாளி. அது இறங்கி, நிரம்பி, மேலே வரவேண்டும். இழுக்கும் கை எவ்வளவு பலமானதாக இருந்தாலும் வாளி நிரம்பாவிட்டால் மேலே வருவது அரை வாளி நீர்தான். இதய அமுக்கத்தில் தசையின் பலம் குறைவதில்லை. நிரம்புவதற்கு இடந்தான் இல்லை. உடல் அதைச் சமாளிக்க ஒரே வழி, அரை வாளியையே அடிக்கடி இழுப்பது. நாடித்துடிப்பு நிமிடத்துக்கு 110, 120 என்று ஓடுவது அதனால்தான்.

அந்த வேகத்தை நோயென்று நினைத்து, துடிப்பைக் குறைக்கும் அற்றெனோலோல் போன்ற குளிசையைக் கொடுத்தால் உடலின் கடைசிப் பிடியையும் தட்டிவிட்டதாகிவிடும். கால் வீங்கியிருக்கிறதே என்று ‘தண்ணி போற குளிசை’ கொடுப்பதும் இந்தக் கட்டத்தில் ஆபத்தானது. அது உறைக்குள் இருக்கும் நீரை எடுக்காது. இரத்தக் குழாயிலுள்ள நீரைக் குறைத்து, ஏற்கெனவே நிரம்பாத வாளியை மேலும் வெறுமையாக்கும். இரத்த அழுத்தம் திடீரென விழும். வீட்டில் யாருக்கோ எழுதிய குளிசையை எடுத்துக் கொடுப்பது நம் ஊர்களில் சாதாரணம் என்பதால்தான் இதை அழுத்திச் சொல்கிறேன்.

இதுவரை பார்த்ததைச் சேர்த்தால்: சில கிருமிகள், அதற்குப் பெரிய எதிர்வினை, அதனால் நீர், நீரின் அழுத்தத்தால் நிரம்ப முடியாத இதயம்.

ஒரு நோயாளியை வைத்துப் பார்ப்போம்

இது எந்த ஒரு தனிநபரின் கதையும் அல்ல. நோயின் வழக்கமான போக்கைக் காட்ட அமைத்த உதாரணம்.

மூதூர்ப் பக்கத்தில் மேசன் வேலை செய்யும் 47 வயதுக்காரர். ஆறு வாரமாகப் பின்னேரத்தில் இலேசான காய்ச்சல், இரவில் வியர்வை. உடல் மெலிந்திருக்கிறது. இருமல் பெரிதாக இல்லை. அதனால் காசநோய் என்ற நினைப்பே யாருக்கும் வரவில்லை. பிறகு சாரம் ஏறும்போது இளைப்பு. பிறகு நிமிர்ந்து படுத்தால் மூச்சு முட்டி, இரண்டு தலையணை வைத்தும் போதாமல் உட்கார்ந்தே தூங்குகிறார்.

எக்ஸ்ரேயில் இதயத்தின் நிழல் தண்ணீர்க் குடம் போல இரண்டு பக்கமும் அகன்று தெரிகிறது. ஈசிஜியில் அலைகள் குட்டையாக இருக்கின்றன. நீர் இடையில் நிற்பதால் மின்சமிக்ஞை மங்கி வருகிறது. திருகோணமலை வைத்தியசாலைக்கு மாற்றுகிறார்கள். நாடி 118. இரத்த அழுத்தம் 98/76. மூச்சை உள்ளிழுக்கும்போது மேல் அழுத்தம் 18 புள்ளி விழுகிறது. 10க்கு மேல் விழுந்தால் அது இதய அமுக்கத்தின் முக்கியமான அடையாளம். உள்மூச்சில் இதயத்தின் வலப்பக்கத்துக்கு அதிக இரத்தம் வருகிறது. மொத்த இடம் கூட முடியாததால் வலது பெருக்க இடது சுருங்குகிறது, வெளியே போகும் இரத்தம் குறைகிறது. இதைக் கையால் காற்றடிக்கும் கருவியில் மெதுவாக இறக்கிப் பார்த்தால்தான் பிடிக்கலாம். பொத்தானை அமுக்கும் மின்கருவி காட்டாது.

எக்கோ எனப்படும் ஒலியலை ஸ்கானில் இதயத்தைச் சுற்றி 26 மில்லிமீற்றர் தடிப்பத்துக்கு நீர். நீருக்குள் நூல் நூலாக ஏதோ மிதக்கிறது. அந்த நூல்களை ஞாபகத்தில் வைத்திருங்கள், பின்னால் தேவைப்படும்.

எக்கோவில் பார்த்தபடியே மார்பெலும்பின் கீழ்முனைக்குப் பக்கத்தால் ஊசியைச் செலுத்தி, மெல்லிய குழாயொன்றை உள்ளே விடுகிறார்கள். மொத்தம் 850 மில்லிலீற்றர், கருஞ்சிவப்பாக. நிறத்தைக் கண்டு குடும்பத்தார் பயப்படுவார்கள். காசநோயில் நீர் இரத்தம் கலந்து வருவது வழமை. ஆனால் புற்றுநோயிலும் அப்படி வரும். ஆகவே நிறத்தை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது. நாளுக்கு வரும் நீர் 25 மில்லிலீற்றர் அளவுக்குக் குறைந்ததும் குழாயை எடுத்துவிடுகிறார்கள்.

காசநோய்தான் என்று எப்படித் தீர்மானிப்பது?

உறையில் நீர் சேர்வதற்குப் புற்றுநோய், சிறுநீரகச் செயலிழப்பு, தைரொயிட் குறைபாடு, லூப்பஸ் போன்ற வேறு காரணங்களும் உண்டு. எடுத்த நீரை ஆய்வுகூடத்துக்கு அனுப்பாமல் வெறுமனே கொட்டிவிட்டால் விடையையே கொட்டியது போலாகும்.

நம் உதாரணத்தில், நீரில் புரதம் அதிகம். வெள்ளணுக்களில் பெரும்பங்கு நிணநீர்க்கலங்கள். அந்தக் கலங்கள் தூண்டப்படும்போது கூடும் ஏடிஏ என்ற நொதியம் லீற்றருக்கு 62 அலகு; 40 அல்லது அதற்கு மேல் இருந்தால் காசநோய்ப் பக்கம் நிறுவை சாய்கிறது. கிருமியின் மரபுப்பொருளைத் தேடும் ஜீன் எக்ஸ்பேர்ட் பரிசோதனை எதிர்மறை. மேலே சொன்ன அதே காரணம்: கிருமி குறைவு. நேர்மறை வந்தால் உறுதி, அதோடு ரிபாம்பிசின் மருந்துக்குக் கிருமி கட்டுப்படுமா என்பதும் தெரியும். எதிர்மறை வந்தால் நோய் இல்லையென்று பொருள் இல்லை. கிருமியை வளர்த்துப் பார்க்கும் பரிசோதனைக்கு ஆறு முதல் எட்டு வாரம் போகும். அதுவரை காத்திருக்க நோய் விடாது.

எனவே காய்ச்சல், மெலிவு, நீரின் தன்மை, ஏடிஏ, வேறு காரணங்கள் இல்லாமை ஆகியவற்றைச் சேர்த்து மருந்தைத் தொடங்குகிறார்கள். எச்ஐவி பரிசோதனையையும் செய்கிறார்கள். அது யாரையும் சந்தேகிப்பதற்காக அல்ல. சிகிச்சையில் ஒரு முக்கிய முடிவு அதில் தங்கியிருக்கிறது.

மருந்து: நான்கு, பிறகு இரண்டு

முதல் இரண்டு மாதம் நான்கு மருந்துகள்: ஐசோனியசிட், ரிபாம்பிசின், பைரசினமைட், எதம்பியூட்டோல். அடுத்த நான்கு மாதமும் இவற்றில் முதலிரண்டு மருந்துகள் மட்டும். மொத்தம் ஆறு மாதம். நான்கும் ஒரே குளிசையில் கலந்து வருகின்றன; எத்தனை குளிசை என்பதை நோயாளியின் நிறை தீர்மானிக்கிறது. 40 முதல் 54 கிலோ வரை நாளுக்கு மூன்று. 55 முதல் 70 வரை நான்கு. நம் உதாரண மனிதர் 51 கிலோ. ஆகவே மூன்று குளிசை, நாளுக்கு ஒரு தடவை, வெறும் வயிற்றில். மாவட்ட செஸ்ட் கிளினிக்கில் பதிந்து இலவசமாகப் பெறலாம்.

இதயத்தோடு சம்பந்தப்பட்ட நோய் என்பதால் ஒன்பது மாதம், ஒரு வருடம் என்று நீட்டினால் கூடுதல் பலன் கிடைக்கும் என்று பலர் நினைக்கிறார்கள். மருந்துக்குக் கட்டுப்படும் சாதாரண கிருமியாயின், ஆறு மாதத்துக்கு மேல் நீட்டுவதால் உறை நோய்க்குக் கூடுதல் நன்மை காணப்படவில்லை. இடையில் விடுவதுதான் கெடுதி. இரண்டாவது மாதத்தில் காய்ச்சல் போய், பசி வந்து, வேலைக்கும் போகத் தொடங்கும் நேரமே ஆட்கள் மருந்தை விடும் நேரம்.

இந்த மருந்துகளால் கிடைத்தது கொஞ்சமல்ல. மருந்தே இல்லாத காலத்தில் நீர்த்தேக்கத்தோடு வந்தவர்களில் 85 சதவீதம் வரை ஆறு மாதத்துக்குள் இறந்தார்கள். உறை இறுகுவதும் பாதிப்பேருக்கு மேல் நடந்தது. ரிபாம்பிசின் அடங்கிய சிகிச்சை வந்த பிறகு இறுக்கம் 17 முதல் 40 சதவீதத்துக்கு இறங்கியது. குறைந்தது, இல்லாமல் போகவில்லை. அந்த மிச்சத்தைப் பற்றித்தான் இந்தக் கட்டுரையே.

பக்கவிளைவுகளில் அறிந்திருக்க வேண்டியவை சில. ரிபாம்பிசினால் சலம் செம்மஞ்சளாகப் போகும், பயப்படத் தேவையில்லை. கருத்தடைக் குளிசையின் வேலையையும் அது குறைக்கும் என்பதால் பெண்கள் வேறு வழியைக் கேட்டறிய வேண்டும். எதம்பியூட்டோலால் பார்வை மங்கினாலோ சிவப்பும் பச்சையும் பிரித்தறிய முடியாமல் போனாலோ உடனே சொல்ல வேண்டும். தொடர்ந்து வாந்தி, கண்ணில் மஞ்சள், தேயிலைச் சாயம் போன்ற கடும் நிறச் சலம் என்றால் அன்றைய மருந்தைப் போடாமல் அன்றே கிளினிக்குக்குப் போக வேண்டும். அது ஈரலின் கூக்குரல்.

கிண்ணியா, மூதூர்ப் பக்கத்தில் நோன்பு பிடிப்பவர்கள் மருந்தை விட்டுவிடாமல், சஹருக்குச் சற்று முன் எடுக்கலாமா என்று கிளினிக்கில் கேட்டு நேரத்தை மாற்றிக்கொள்ளலாம். நாளுக்கு ஒருமுறை மருந்து என்பதால் அது சாத்தியமானது.

சூரை மீனும் ஐசோனியசிட்டும்

கடற்கரை ஊருக்கு இதைச் சொல்லாமல் விட முடியாது. சூரை வகை மீன்கள் பிடிபட்ட பின் போதிய ஐஸ் இல்லாமல் வெயிலில் கிடந்தால், அவற்றின் சதையில் ஹிஸ்டமின் என்ற பொருள் பெருகும். சமைத்தாலும் அது அழியாது. சாதாரணமாக நம் உடல் அதைக் கொஞ்சம் கொஞ்சமாக உடைத்துத் தள்ளிவிடும். ஐசோனியசிட் அந்த உடைக்கும் நொதியத்தை மந்தப்படுத்துகிறது. விளைவு: சாப்பிட்டுச் சற்று நேரத்தில் முகம் சிவத்தல், தலையிடி, கண் சிவத்தல், உடம்பு கடி, நெஞ்சு படபடப்பு. இலங்கை வைத்தியர்கள் இதை 1977இலேயே மருத்துவ ஏட்டில் பதிவு செய்திருக்கிறார்கள்.

இதய உறையில் நோய் உள்ளவருக்கு நெஞ்சு படபடத்தால் வீடே கலங்கிவிடும். ‘மருந்து ஒத்துக்கொள்ளவில்லை’ என்று மருந்தை நிறுத்திவிடுவார்கள். நிறுத்த வேண்டியது சூரையை. மருந்து எடுக்கும் ஆறு மாதமும் சூரையைத் தவிர்த்து வேறு புதிய மீனைச் சாப்பிடலாம். படபடப்பு வந்தால் வைத்தியசாலைக்குப் போய், என்ன மீன் சாப்பிட்டீர்கள் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

கஞ்சி போட்ட துணி: உறை ஏன் இறுகுகிறது?

இனி அந்த நூல்களுக்கு வருவோம். எக்கோவில் மிதந்த நூல்கள் ஃபைப்ரின் என்ற புரதம். கையில் காயம் பட்டால் இரத்தத்தை உறையவைத்துப் பொருக்காக்கும் அதே பொருள். அழற்சி உள்ள உறைக்குள் நீரோடு ஃபைப்ரினும் கசிந்து இரு படலங்களிலும் படிகிறது.

வேட்டிக்குக் கஞ்சி போடுவதை நினைத்துப் பாருங்கள். கஞ்சித் தண்ணீரில் ஊறும்போது துணி மெத்தென்றுதான் இருக்கும். தண்ணீர் வற்றி, காய்ந்த பிறகுதான் விறைக்கும். உறைக்கும் அதேதான் நடக்கிறது. நீர் நிற்கும்வரை இரண்டு படலங்களும் விலகி நிற்கின்றன. நீர் வற்றும்போது ஃபைப்ரின் படிந்த இரு முகங்களும் ஒட்டுகின்றன. உடல் அந்த இடத்தைத் தழும்புத் திசுவால் நிரப்புகிறது. தழும்பின் இயல்பு சுருங்குவது. 2 மில்லிமீற்றருக்கும் குறைவான தடிப்பமுள்ள உறை 5, 6 மில்லிமீற்றராகத் தடித்து, இதயத்தை இறுக்கிப் பிடிக்கிறது. சிலருக்குக் காலப்போக்கில் சுண்ணாம்பும் படிந்து ஓடு போலாகும். இதுதான் உறை இறுக்கம்.

வாளிக்குத் திரும்பினால், முன்பு நீர் அமுக்கியதால் வாளி நிரம்பவில்லை. இப்போது வாளியைச் சுற்றி இரும்பு வளையம். உள்ளே நுழைய முடியாத இரத்தம் பின்னால் தேங்குகிறது. கழுத்து நரம்பு புடைக்கிறது, ஈரல் வீங்குகிறது, வயிற்றில் நீர் சேர்கிறது, கால் வீங்குகிறது. சுவாசப்பை ஒப்பீட்டளவில் தப்பிக்கொள்வதால் மூச்சுமுட்டலை விட வயிறுதான் முன்னால் தெரியும்.

காசநோய் மருந்து எங்கே உதவுகிறது என்பது இப்போது தெளிவாகும். மருந்து கிருமியைக் கொல்கிறது. கிருமி குறைய எதிர்வினை தணிகிறது. புதிய கஞ்சி ஊற்றப்படுவது நிற்கிறது. இன்னும் காயாத, வீக்கத்தால் தடித்த உறை ஓரளவு பழைய நிலைக்குத் திரும்பவும் கூடும். ஆனால் காய்ந்து தழும்பாகிவிட்டதை எந்தக் காசநோய் மருந்தும் கரைக்காது. மருந்தைச் சரியாகப் போட்டவருக்கும் இறுக்கம் வருவது அதனால்தான். அது மருந்தின் தோல்வியுமல்ல, நோயாளியின் குற்றமுமல்ல.

ஸ்ரெரொயிட் கொடுத்தால் தடுக்க முடியாதா?

எதிர்வினைதான் பிரச்சினை என்றால் அதை அடக்கும் பிரெட்னிசோலோனைக் கொடுக்கலாமே என்ற எண்ணம் பல பத்தாண்டுகளாக இருந்தது. 2014இல் வெளியான ஆபிரிக்க ஆய்வொன்று இதை நேராகச் சோதித்தது. தென்னாபிரிக்காவின் பொங்கானி மயோசி தலைமையில் 1,400 நோயாளிகள். ஒரு பகுதியினருக்கு நாளுக்கு 120 மில்லிகிராமில் தொடங்கி ஆறு வாரத்தில் படிப்படியாகக் குறைத்து பிரெட்னிசோலோன். மற்றவர்களுக்கு மருந்தில்லாத குளிசை. 120 என்பது பெரிய அளவுதான். ரிபாம்பிசின் ஈரலைத் தூண்டி ஸ்ரெரொயிட்டை வேகமாக அழிக்கச் செய்வதால் சாதாரண அளவு போதாது.

இறப்பு, ஊசியால் நீர் எடுக்கவேண்டிய இதய அமுக்கம், உறை இறுக்கம் ஆகிய மூன்றையும் சேர்த்து எண்ணியபோது ஸ்ரெரொயிட் எடுத்தவர்களில் 23.8 சதவீதம், எடுக்காதவர்களில் 24.5. வித்தியாசம் இல்லை. இறுக்கத்தை மட்டும் பிரித்துப் பார்த்தால் 4.4க்கு எதிராக 7.8; அங்கே நன்மை தெரிந்தது. மறுபக்கம், எச்ஐவியோடு தொடர்புடைய புற்றுநோய்கள் 0.6இலிருந்து 1.8 சதவீதமாகக் கூடின. பங்கேற்றவர்களில் பெரும்பாலானோர் எச்ஐவி உள்ளவர்கள் என்பதையும் சேர்த்துப் படிக்க வேண்டும். ஆகவே எச்ஐவி இல்லாத, இறுக்க அபாயம் கூடிய ஒருவருக்கு வைத்தியர் இதை யோசிக்கலாம். எச்ஐவி உள்ளவருக்குத் தவிர்ப்பது நல்லது. நீரிழிவு உள்ளவருக்குச் சீனி எகிறும் என்பதையும் கணக்கில் எடுப்பார்கள். எல்லோருக்கும் கட்டாயம் என்ற இடத்தில் இது இல்லை.

சுருங்கச் சொன்னால், கிருமிக்கு மருந்து உறுதி; இறுக்கத்தைத் தடுக்கும் மருந்து அரைகுறை. எனவே இறுக்கத்தை நேரத்தோடு கண்டுபிடிப்பதில்தான் மிச்சப் பாதுகாப்பு இருக்கிறது.

பதினோராவது வாரம்

நம் உதாரண மனிதருக்கு இரண்டாவது வாரத்திலேயே காய்ச்சல் விட்டது. எட்டாவது வார எக்கோவில் மெல்லிய கோடளவு நீர்தான். ‘தண்ணி வத்திட்டுது’ என்று வீட்டில் பாற்சோறு பொங்கினார்கள்.

பதினோராவது வாரத்தில் பின்னேரமானால் செருப்பு இறுகியது. பெல்ட்டில் இரண்டு துளை தள்ளிப் போடவேண்டி வந்தது. முகமும் தோளும் மெலிந்தே இருக்க, நிறை மட்டும் மூன்று கிலோ கூடியது. கூடியதைப் பார்த்து ‘உடம்பு தேறுது’ என்றார்கள். தேறியது சதை அல்ல, தேங்கிய நீர்.

கிளினிக்கில் அரைவாசி சாய்த்துப் படுக்கவைத்துக் கழுத்தைப் பார்த்தபோது நரம்பு காதடி வரை புடைத்திருந்தது. மூச்சை உள்ளிழுத்தால் தணிய வேண்டியது, மேலும் புடைத்தது. கால்வீக்கம் சிறுநீரகத்தாலா இதயத்தாலா என்று பிரித்துக் காட்டும் மலிவான பரிசோதனை கழுத்தைப் பார்ப்பதுதான். சிறுநீர்ப் பரிசோதனையில் புரதம் போகவில்லை. எக்கோவில் நீர் இல்லை. தசையின் சுருங்கும் பலம் நன்றாகவே இருந்தது. ஆனால் இரண்டு அறைகளுக்கும் நடுவிலுள்ள சுவர் ஒவ்வொரு மூச்சிலும் அங்குமிங்கும் துள்ளியது. ‘எக்கோவில் பம்ப் நல்லாயிருக்கு’ என்ற ஒரு வரியோடு வீட்டுக்கு அனுப்பப்பட்டால் இந்த இடத்தில்தான் நோய் நழுவும். சிடி ஸ்கானில் உறை 6 மில்லிமீற்றர், சுண்ணாம்பு இல்லை. அழற்சியைக் காட்டும் சிஆர்பி அளவு இன்னும் உயர்வாக இருந்தது.

உயர்ந்த சிஆர்பி இங்கே நல்ல அறிகுறி. கஞ்சி இன்னும் முழுதாகக் காயவில்லை என்று பொருள். எனவே உடனே அறுவைச் சிகிச்சைக்கு ஓடாமல், காசநோய் மருந்தைத் தொடர்ந்தபடி நான்கு முதல் எட்டு வாரம் பார்க்கிறார்கள். சிலருக்கு இந்தக் காலத்தில் உறை தானே தளர்ந்துவிடும். இப்போது தண்ணி போற குளிசைக்கு இடம் உண்டு, அளவாக. கால்வீக்கம் முழுவதும் வற்ற வேண்டும் என்று அளவைக் கூட்டிக்கொண்டே போகக்கூடாது; இறுகிய இதயத்துக்குள் இரத்தம் நுழைய அந்த உயர்ந்த அழுத்தம் கொஞ்சம் தேவை.

ஏழு வாரம் கழித்து சிஆர்பி சாதாரண நிலைக்கு வந்தது. கழுத்து நரம்பு இறங்கவில்லை, வயிறு வற்றவில்லை. அழற்சி போய்விட்டது, இறுக்கம் மட்டும் நிற்கிறது என்றால் மிச்சம் தழும்புதான். இதற்கு ஒரே வழி உறையை உரித்தெடுக்கும் அறுவைச் சிகிச்சை. நெஞ்சறுவைப் பிரிவுள்ள பெரிய வைத்தியசாலைக்கு, பெரும்பாலும் கொழும்புக்கோ கண்டிக்கோ, அனுப்புவார்கள். இது சின்ன வேலையல்ல. நூற்றுக்கு 6 முதல் 12 பேர் வரை உயிரிழக்கிறார்கள் என்பது உலக அனுபவம். பிந்தி, ஈரல் பழுதாகி, உடல் உருக்குலைந்து, உறையில் சுண்ணாம்பு படிந்த பிறகு செய்தால் ஆபத்து இன்னும் கூடும். காத்திருப்பதற்கு எட்டு வாரம் என்ற எல்லை வைத்திருப்பது அதனால்தான். முதல் படத்திலேயே சுண்ணாம்பு தெரிந்தால் காத்திருப்பதில் பொருள் இல்லை.

அறுவைச் சிகிச்சை முடிந்தாலும் காசநோய்க் குளிசை ஆறு மாதம் நிறையும்வரை தொடரும். உரித்த உறையில் ஒரு துண்டைக் கிருமி வளர்ப்புக்கும் அனுப்புவார்கள்.

வீட்டில் பார்க்க வேண்டியவை

நீர் எடுத்த நாளிலிருந்து முதல் ஆறு மாதந்தான் இறுக்கம் அதிகமாக வரும் காலம். இந்தக் காலத்தில் வாரம் ஒருமுறை, ஒரே தராசில், காலையில் சலம் கழித்த பின் நிறையைப் பார்த்துக் கொப்பியில் எழுதுங்கள். ஒரு வாரத்தில் இரண்டு கிலோ கூடினால் அடுத்த கிளினிக் திகதிக்குக் காத்திருக்காதீர்கள். கணுக்காலுக்கு மேலே எலும்பின்மீது பெருவிரலால் பத்து விநாடி அமுக்குங்கள். எடுத்தபின் குழி நின்றால் காட்ட வேண்டும். மயக்கம், படுக்க முடியாத மூச்சுமுட்டல், குளிர்ந்து வியர்த்த கை கால் என்றால் நீர் மறுபடி சேர்ந்து இதயத்தை அமுக்குகிறதோ என்று பார்க்க வேண்டும். அது அவசர சிகிச்சைப் பிரிவுக்குரிய விடயம்.

எக்கோ திகதிகளைக் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். சுகமாக இருக்கும் நாளில் எடுக்கும் எக்கோதான் பெரும்பாலும் தவறவிடப்படுகிறது.

ஆறு மாதம் முடிந்ததும் வைத்தியசாலையில் தந்த டயக்னோசிஸ் காட்டையும் செஸ்ட் கிளினிக் அட்டையையும் பெட்டியில் பத்திரமாக வையுங்கள். இறுக்கம் சிலருக்குப் பல வருடம் கழித்தும் வருகிறது. அப்போது வயிறு வீங்கிப் போகும் நோயாளியைப் பார்ப்பவர் ஈரலைத்தான் முதலில் தேடுவார். அந்த அட்டையில் உள்ள ‘காசநோய் இதய உறை அழற்சி’ என்ற ஒரு வரியைக் கண்டால், அவர் கழுத்து நரம்பைப் பார்த்துவிட்டு எக்கோவுக்கு எழுதுவார்.